அம்மாவின் காலில் இரண்டு தையல்... ரிப்போர்ட்டுக்காக 16 நாள்கள்!

"ஏ புள்ள, கால்ல இருந்து சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்ங்கிறாங்க. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

அம்மா போனில் இப்படிச் சொன்னபோது நான் சென்னை ஆபீஸில், யாரோ ஒரு நடிகரின் பிறந்தநாள் செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு மூன்று வருட அனுபவம். உடல்நலக் கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன். ஆனாலும், 'பயாப்ஸி' என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோரையும்போல எனக்கும் ஒரே ஒரு நோய்தான் ஞாபகத்துக்கு வந்தது. லேப்டாப்பை மூட்டை கட்டிக்கொண்டு, இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கி, அன்றிரவே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அம்மா டெய்லர். 52 வயது. ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பு தட்டுப்படும் முன்பக்கத்தில் ஒரு தடிப்பு. எட்டு மாதத்துக்கு முன்பு கொசுக்கடி மாதிரி ஆரம்பித்தது, இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, கருநீல நிறத்தில், சொரசொரப்பாக வளர்ந்திருந்தது. ராத்திரியில் அரிப்பு தாங்காமல் சொறிந்துகொண்டே இருப்பார். இதை எனக்கு வீடியோ காலில்கூடக் காட்டியதில்லை. "பூச்சிக்கடிதான்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

முதல் தடை... ஒரு க்ரீம்!

உண்மையில் அந்தப் பரிசோதனை இரண்டு வாரத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. தள்ளிப்போனதற்குக் காரணம், அம்மா தடவிய க்ரீம்.

அரிப்பு என்று சொன்னதும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்திருக்கிறார்கள். தடவினால் நான்கு நாள் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இப்படியே ஐந்து மாதம். அரசு மருத்துவமனையின் தோல் நோய் பிரிவில் இருந்த டாக்டர், முதல் நாளே அந்த ட்யூபைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே ஸ்டீராய்டு என மூன்றும் கலந்த க்ரீம் அது.

"ஸ்டீராய்டு தடவிட்டே வந்தா, தோலுக்குள்ள நடக்கிற அழற்சி பாதி மறைஞ்சுடும். அந்த நேரத்துல சதையை எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தா, நோயோட அடையாளம் சரியாத் தெரியாது. இதை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு போன் வந்தது அந்த இரண்டு வாரம் முடியும்போதுதான்.

இன்னொரு விஷயத்தையும் டாக்டர் கேட்டிருக்கிறார். ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. அம்மா சாப்பிடவில்லை. ஆனால், அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர், இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை அவராகவே நான்கு நாளாக நிறுத்திவிட்டு வந்திருந்தார். டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். "சின்ன பயாப்ஸியில வர்ற ரத்தத்தை அழுத்திப் பிடிச்சே நிறுத்திடலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தி ஹார்ட்ல அடைப்பு வந்தா நான் என்ன பண்றது? சாப்பிடுறேன்னு எங்ககிட்ட சொன்னா போதும்" என்றார்.

பத்து நிமிடம்

நான் ஆபரேஷன் தியேட்டர், பச்சைத் துணி எல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். அது ஓபி-க்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு லைட், ஒரு தட்டு. அம்மா காலையில் இட்லியும் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். உடலின் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதால், வெறும் வயிறு தேவையில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

தடிப்பில் எந்த இடத்தில் எடுப்பது என்பதற்குத்தான் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சொறிந்து புண்ணான இடத்தை விட்டுவிட்டு, நன்றாகத் தடித்திருந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பேனாவால் வட்டம் போட்டார். புண்ணான இடத்தில் எடுத்தால் புண் மட்டும்தான் தெரியும், நோய் தெரியாது என்றார்.

பிறகு, மரத்துப்போகும் ஊசி. அம்மாவுக்கு வலித்தது இது மட்டும்தான். "எறும்பு கடிச்சாப்ல இருக்கும்" என்று நர்ஸ் அக்கா சொன்னார். "கட்டெறும்பு" என்று திருத்தினார் அம்மா. மருந்து உள்ளே போகும்போது சில நொடிகள் எரிந்தது, அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஊசியில் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்திருப்பதால், சில நிமிடங்கள் காத்திருந்தார்கள். பிறகு ஊசி முனையால் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். யாரோ தொடுவது மட்டும்தான் தெரிகிறது என்றார் அம்மா.

அடுத்து டாக்டர் எடுத்தது, பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனியில் வட்டமான பிளேடு. குறுக்களவு நான்கு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு மிளகின் அகலம். இதை வைத்து எடுப்பதால்தான் 'பஞ்ச் பயாப்ஸி' என்று பெயர். இடது கை விரல்களால் தோலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் கருவியை அழுத்தித் திருகினார். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வரை பிளேடு இறங்கியதும் வெளியே எடுத்தார். நடுவில் ஒரு சின்ன உருளை மாதிரி சதை நின்றது. அதை இடுக்கியால் நசுக்காமல், ஊசி முனையால் மெதுவாகத் தூக்கி, அடியில் கத்தரியால் வெட்டினார். நசுங்கிவிட்டால் செல்கள் சிதைந்து, பார்க்க முடியாமல் போய்விடுமாம்.

இழுத்துப் பிடித்த கையை விட்டதும், வட்டமாக இருந்த ஓட்டை நீள்வட்டமாக மாறியது. தோல் எந்தத் திசையில் சுருங்குமோ, அதற்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து வெட்டினால் இப்படி ஆகும், தைத்தால் ஒரே கோடாக மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். தலையைத் தூக்கி எட்டிப் பார்த்த அம்மா, "துணியை கிராஸ்ல வெட்டுற மாதிரி" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். நைலான் நூலில் இரண்டு தையல், மேலே ஒரு கட்டு. கட்டிலில் ஏறியதிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபது நிமிடம் இருக்கும், அதில் டாக்டரின் கை வேலை பத்து நிமிடம்.

சதை, ஃபார்மலின் இருந்த சின்ன டப்பாவுக்குள் போனது. டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டை நர்ஸ் அக்கா எங்களிடம் காட்டி, பெயர், வயது, ஓபி நம்பர், எந்தக் கால் என்று வாசிக்கச் சொன்னார். "இதுல தப்பு நடந்தா அப்புறம் எதுவுமே சரியா இருக்காது, நீங்களும் பாத்துக்கங்க" என்றார். நீங்கள் போகும் இடத்தில் யாரும் காட்டாவிட்டாலும், கேட்டுப் பாருங்கள்.

அப்போதுதான் டப்பாவுடன் போகும் படிவத்தைப் பார்த்தேன். டாக்டர் தன் சந்தேகங்களை வரிசையாக எழுதியிருந்தார். மூன்றாவதாக ஒரு புற்றுநோயின் பெயர். அம்மாவுக்குக் கேட்காதபடி, "கேன்சரா டாக்டர்?" என்றேன்.

"எழுதினதால அதுதான்னு அர்த்தம் இல்லம்மா. ரொம்ப நாளா தடிச்சுப்போன தோல்ல அது இல்லைன்னு உறுதிப்படுத்திக்கணும். நான் எழுதி அனுப்பினாத்தான், ஸ்லைடு பாக்கிறவங்க குறிப்பா அதைத் தேடுவாங்க" என்றார். ரிப்போர்ட்டுக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். தையல் பிரிக்க 14-வது நாள் வரவேண்டும்.

தையலைப் பார்த்துக்கொண்ட கதை

ஏன் 14 நாள் என்று எனக்குச் சந்தேகம். என் தோழிக்கு முகத்தில் மச்சம் எடுத்தபோது ஐந்தாவது நாளே பிரித்துவிட்டார்கள். நர்ஸ் அக்கா விளக்கினார். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் ஆறிவிடும். ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்துவிடலாம். கை, வயிறு என்றால் ஏழு முதல் பத்து நாள். முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவு, நடக்கும்போது தோல் இழுபடவும் செய்யும். அதனால் 10 முதல் 14 நாள். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் 14.

முதல் 24 மணி நேரம் கட்டைப் பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது. மரத்துப்போனது இரண்டு மணி நேரத்தில் தெளிந்து, லேசாக வலித்தது. பாராசிட்டமால் ஒன்று போதுமானதாக இருந்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டால் வலியும் வீக்கமும் குறைவாக இருந்தன.

மறுநாள் சாயங்காலம் நான்தான் கட்டைப் பிரித்தேன். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஒட்டியிருந்த பஞ்சைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுத்தேன். தையலைச் சுற்றி நூலிழை அளவுக்கு சிவப்பு. சாதாரண சோப்பு நுரையால் விரலை வைத்து மெல்லக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, மேலே வாசலினை மெல்லிசாகத் தடவி, புதுக் கட்டுப் போட்டேன். தினமும் ஒருமுறை இதேதான்.

இங்கேதான் பெரியம்மா வந்தார், கையில் மஞ்சள் தூளோடு. "காயத்தைக் காயவிடாம எண்ணெய்ப் பசையைப் போட்டு மூடி வெச்சா சீழ் பிடிக்காதா? மஞ்சளைப் போட்டா ரெண்டே நாள்ல பொருக்குத் தட்டிரும்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால், நர்ஸ் அக்கா இதற்கும் முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தார். பொருக்குத் தட்டுவது ஆறுவதற்கு அடையாளம் இல்லை. காயத்தின் ஓரத்தில் இருந்து புதுத்தோல் நகர்ந்து வந்து மூட வேண்டும். ஈரப்பதம் இருந்தால் அது சுலபமாக நகரும், காய்ந்து கெட்டியான பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் புகுந்து போக வேண்டும், நாள் அதிகமாகும். மஞ்சள் தூள் தையல் துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உள்ளே சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாமல் மஞ்சளாக மறைத்துவிடும். ஸ்பிரிட், டெட்டால் போன்றவையும் தினமும் வேண்டாம், ஆறுகிற செல்களையும் சேர்த்து எரித்துவிடும். பெரியம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். "படிச்சவ சொல்றே" என்று மஞ்சளைக் கொண்டுபோய் ரசத்தில் போட்டார்.

ஐந்தாவது நாள்தான் நிஜமான பிரச்னை வந்தது. நான் ஒரு செய்தியை அப்லோடு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம். யாருக்கோ கல்யாண பிளவுஸ், அவசரமாம். "இடது காலாலதான் மிதிச்சேன்" என்றார் அம்மா. இருபது வருடம் இரண்டு காலாலும் மிதித்துப் பழகியவர், எவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் மிதிப்பார்? கட்டு நனைந்து, ரத்தம் பாதத்துக்கு வழிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கியது. ஆனால், செய்யவேண்டியது ஒன்றுதான். அம்மாவைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக 15 நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால், அப்போதுதான் உறைந்த ரத்தமும் துணியோடு வந்துவிடும். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது நின்றிருந்தது. இரண்டு தையலும் அப்படியே இருந்தன. நின்றிருக்காவிட்டால், இன்னொரு 15 நிமிடம் அழுத்திவிட்டு, அப்போதும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

அன்று இரவு மெஷினின் பெல்ட்டைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

சீழ் பிடித்தால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாவது, மூன்றாவது நாளுக்குப் பிறகு வலி கூடினால் கவனிக்க வேண்டும். தையலை ஒட்டிய மெல்லிய சிவப்பு பரவாயில்லை. அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டால் சுட்டால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், 14-வது நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். நான் தினமும் கட்டு மாற்றும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட, அது உதவியாக இருந்தது.

ரிப்போர்ட் ஏன் வரவில்லை?

எட்டாவது நாள் போன் செய்தேன், வரவில்லை. பத்தாவது நாள், வரவில்லை. பதினோராவது நாள் நேரிலேயே போனேன். நோய்க்குறியியல் பிரிவின் ஜன்னலில் இருந்த ஊழியர் நோட்டைப் புரட்டிவிட்டு, "டீப்பர் கட் கேட்டிருக்காங்க. இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் தளர்ந்துவிட்டது. ஏதோ தெரிந்ததால்தானே மறுபடி பார்க்கிறார்கள்? என் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்த லேப் டெக்னீஷியன் அண்ணன் வெளியே வந்து பொறுமையாகச் சொன்னார்.

சதை முதலில் ஃபார்மலினில் ஊறி, கெட்டுப்போகாதபடி நிலைப்பட வேண்டும். பிறகு அதில் உள்ள தண்ணீரை ஆல்கஹால் மூலம் படிப்படியாக எடுத்து, அந்த இடத்தில் உருக்கிய மெழுகை ஏற்றுவார்கள். இதற்கே ஓர் இரவு ஆகும். பிறகு மெழுகுக் கட்டியாக உறையவைத்து, நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். நம் தலைமுடி ஒன்றின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்ணாடியில் ஒட்டி, ஊதா, இளஞ்சிவப்பு சாயம் ஏற்றி, மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எல்லாம் சரியாகப் போனாலே இரண்டு, மூன்று நாள் வேலை. வரிசையில் மற்றவர்களின் டப்பாக்களும் இருக்கும். தனியார் லேப்களில் சில நாள் முன்கூட்டியே கிடைக்கலாம், ஆனால் இந்த வேலைகளில் எதையும் தாண்டிக் குதிக்க முடியாது.

"உங்கம்மா சதை ரொம்பத் தடிச்ச தோல். அப்படிப்பட்ட தோல், மேலாப்ல சீவின துண்டுல பாத்தா சில நேரம் கேன்சர் மாதிரியே ஏமாத்தும். அதனால மெழுகுக் கட்டியில இன்னும் உள்ள போய்ச் சீவித் தரச் சொல்லிருக்காங்க. சந்தேகத்தோட கையெழுத்துப் போட மாட்டாங்கல்ல? லேட்டாகுதுன்னா கெட்ட சேதின்னு இல்லம்மா" என்றார். கிருமியைத் தேடும் சிறப்புச் சாயங்கள், வேறு சில கூடுதல் பரிசோதனைகள் கேட்டாலும் இப்படித்தான் சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை கூடும் என்றார். திரும்ப சதை எடுக்க வேண்டியதில்லை. அதே மெழுகுக் கட்டி போதும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அம்மாவிடம், "மெஷின் ரிப்பேராம்" என்று பொய் சொன்னேன். "பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவே. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான்" என்றார் அம்மா. அதன்பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், படிவத்தில் இருந்த மூன்றாவது பெயர் உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லிருந்தா நான் மெஷின்ல உக்காந்திருக்க மாட்டேன்ல" என்றார்.

14-வது நாள் தையல் பிரித்தார்கள். முடிச்சைத் தூக்கி, ஒரு பக்கம் வெட்டி, இழுத்துவிட்டார்கள், முடிந்தது. பிரித்த பிறகும் உள்ளே முழு பலம் வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் இன்னும் இரண்டு வாரம் மெஷின் மிதிக்க வேண்டாம் என்றார்கள்.

16-வது நாள் ரிப்போர்ட் வந்தது. 'ஹைபர்ட்ரோபிக் லைக்கன் பிளானஸ். பரிசோதித்த பகுதிகளில் புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை.' நம் உடலின் எதிர்ப்பு செல்களே தோலைத் தாக்குவதால் வரும் நோய். தொற்று இல்லை. காலில் வந்தால், சொறியச் சொறிய இப்படித் தடித்துவிடும். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுத்தார் டாக்டர்.

"முன்னாடி தடவினதும் ஸ்டீராய்டுதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது இவ்ளோ தடிச்ச தோலுக்குப் போதாது. எவ்ளோ தடவணும், எப்ப குறைக்கணும்னு கணக்கும் இல்ல. அரிப்பை மட்டும் அடக்கி, அஞ்சு மாசம் இங்க வரவிடாம பண்ணிடுச்சு, அதுதான் பிரச்னை" என்றார். பிறகு, ரிப்போர்ட்டில் இருந்த 'பரிசோதித்த பகுதிகளில்' என்ற வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினார். "நாங்க பாத்தது நாலு மில்லிமீட்டர். இப்போ கவலை இல்லை. ஆனா மருந்து போட்டும் ஒரு இடம் மட்டும் ஆறாத புண்ணானா, வேகமா மேலெழுந்து வளர்ந்தா, தானா ரத்தம் வந்தா, அந்த இடத்துல திரும்ப எடுத்துப் பாக்கணும்."

இப்போது மூன்று மாதம் ஆகிறது. தடிப்பு பாதிக்கு மேல் அமுங்கி, கறுப்புத் தழும்பாகியிருக்கிறது. நிறம் மாற இன்னும் பல மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா காலை போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். போன வாரம் போட்டோவோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"தழும்பு தெரியுதா புள்ள? ரெண்டு தையலும் நேரா விழுந்திருக்கு. அந்த டாக்டர் நம்மகிட்ட வேலைக்கு வந்தா சேத்துக்கலாம்."